எரிந்த கிடங்கும் முதல் மின்னஞ்சலும்

கேள்வி: ஈரோட்டில் எங்கள் ஜவுளிக் கிடங்கு நேற்றிரவு தீப்பிடித்துவிட்டது. காப்பீட்டு நிறுவனத்துக்கு முதல் மின்னஞ்சலில் என்ன எழுத வேண்டும்?

பதில்: நஷ்டக் கணக்கு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், இன்றே அனுப்புங்கள். தலைப்பு வரியிலேயே ‘தீ விபத்து – முதல் அறிவிப்பு’ என்று போட்டு, பாலிசி எண்ணையும் விபத்துத் தேதியையும் சேர்த்துவிடுங்கள். உள்ளே முதலில் பாலிசிதாரர் பெயர், பிறகு கிடங்கின் முகவரி. முகவரி பாலிசியில் உள்ளபடியே இருக்கட்டும். கதவு எண் மாறினாலும் கேள்வி வரும். அடுத்து, தீயை யார், எத்தனை மணிக்குப் பார்த்தார், தீயணைப்பு நிலையத்துக்கு எப்போது சொன்னீர்கள், எப்போது அணைந்தது, யாருக்கேனும் காயமா என்பவை.

காரணத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ‘மின்கசிவால் எரிந்தது’ என்று ஊகமாக எழுதிவிட்டால், தீயணைப்புத் துறை அறிக்கை வேறுவிதமாக வரும்போது உங்கள் வார்த்தையே உங்களுக்கு எதிராக நிற்கும். ‘காரணம் விசாரணையில் உள்ளது’ என்றால் போதும்.

நஷ்டத்தையும் அப்படியே: ‘துணி பேல்களும் கூரையும் சேதம்; தோராய மதிப்பு சுமார் 40 லட்சம் ரூபாய், சரக்குக் கணக்கு சரிபார்த்தபின் மாறலாம்’. கடைசியில், சர்வேயரை உடனே அனுப்பக் கேட்டு, தொடர்புக்கு ஒருவரின் பெயர், கைபேசி எண் கொடுங்கள். சரக்கு வங்கிக் கடனில் இருந்தால் வங்கிக்கும் நகல் அனுப்புங்கள்.

சர்வேயர் பார்க்கும்வரை எரிந்த பேல்களை அப்புறப்படுத்தாதீர்கள். நனையாத சரக்கை மட்டும், படம் எடுத்தபின், பத்திரமான இடத்துக்கு மாற்றுங்கள்.