பத்தாம் வகுப்புக் கணிதத் தாள்: பயத்துக்கு நான்கு பாடவேளை

அரையாண்டுத் தேர்வுக் கணிதத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவியின் தாளில் கை நின்றது. வகுப்புத் தேர்வுகளில் எழுபதுக்குக் குறையாதவள் 43 வாங்கியிருந்தாள். ஒரே ஐந்து மதிப்பெண் கணக்கை மூன்று முறை போட்டு, மூன்று முறையும் அடித்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடிய வரைபடக் கணக்கைத் தொடவே இல்லை. கேட்டதற்கு, “டைம் இல்ல சார்” என்றாள். அப்புறம் மெதுவாக, “அந்தக் கணக்கு வரலைன்னதும் எல்லாமே மறந்துபோச்சு” என்றாள்.

இவளுக்குப் பாடம் தெரியாமல் இல்லை. கணக்கு வராமல் நிற்கும் அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. அதை யாரும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. “பயப்படாதே” என்று மட்டும் ஆளாளுக்குச் சொல்லியிருக்கிறோம்.

அதற்காக நான் வைத்துக்கொண்டது நான்கு பாடவேளைகள். அரையாண்டு முடிந்து ரிவிஷன் டெஸ்ட்கள் தொடங்கும் ஜனவரியில், வாரத்துக்கு ஒன்று. கடைசியில் மாதிரித் தேர்வுகள்.

முதல் பாடவேளையில் கணக்கே கிடையாது. ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுத்து, பெயர் போடாமல், தேர்வு அறையில் தங்களுக்கு என்ன ஆகிறது என்று எழுதச் சொல்லுங்கள். “கை வேர்க்குது”, “வயித்தைப் பிசையுது”, “ஃபெயில் ஆயிட்டா அப்பா என்ன சொல்வாரோன்னு ஓடுது” என்று வரும். அவற்றைக் கரும்பலகையில் இரண்டு பத்தியாகப் பிரியுங்கள்: உடம்பில் நடப்பது, மனத்தில் ஓடுவது. உளவியலாளர்கள் தேர்வுப் பயத்தை 1960களிலிருந்தே இப்படித்தான் பிரிக்கிறார்கள். மதிப்பெண்ணை அதிகம் குறைப்பது இரண்டாவது பத்திதான். மனக்கணக்குப் போடத் தேவையான இடத்தை அந்த ஓட்டம் பிடித்துக்கொள்கிறது. கை வேர்ப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அதோடேயே எழுதலாம் என்று சொன்னால் பாதி வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தங்கள் பயத்தை எழுதித் தீர்த்த மாணவர்கள் நன்றாகச் செய்தார்கள் என்று 2011-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. பலரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு வேறு ஆய்வாளர்கள் அதன் ஒரு பகுதியைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே துண்டுச்சீட்டை நான் மருந்தாகக் கொடுப்பதில்லை. பக்கத்து பெஞ்சுக்காரனுக்கும் வயிறு பிசைகிறது என்று தெரிந்தால் போதும்.

இரண்டாவது பாடவேளை, வினாத்தாளை வாசிக்கும் பத்து நிமிடம். பொதுத்தேர்வில் அந்த நேரத்தில் விடை எழுத முடியாது. பிள்ளைகள் முதல் வினாவிலிருந்து வரிசையாகப் படித்து, தெரியாத ஒன்று வந்ததும் அங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள். நான் சொல்லித்தரும் வரிசை வேறு. முதலில் கடைசிப் பக்கத்துக்குப் போ. 43, 44 எட்டு மதிப்பெண் வினாக்கள். ஒன்று வடிவியல் வரைதல், ஒன்று வரைபடம். இரண்டிலும் ‘அல்லது’ இருக்கும், எதைப் போடுவது என்று அப்போதே முடிவுசெய். அடுத்து 42, 28 இரண்டையும் பார். அவை கட்டாய வினாக்கள். பிறகு ஐந்து மதிப்பெண் பகுதியில் 29 முதல் 41 வரையுள்ள பதின்மூன்றில் உனக்கான ஒன்பதைத் தேர்ந்தெடு.

பதின்மூன்றில் ஒன்பது என்றால் நான்கை விட்டுவிடலாம். இதைப் பலகையில் பெரிதாக எழுதிவையுங்கள். கடினமான கணக்கைக் கண்டதும் பயப்படும் பிள்ளைக்கு, அதை விட்டுவிட உரிமை உண்டு என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வருவதில்லை. பழைய வினாத்தாள் ஒன்றைக் கொடுத்துக் கடிகாரம் வைத்து இதை மட்டும் பழக்குங்கள். கணக்குப் போடக் கூடாது, தேர்ந்தெடுக்க மட்டும்தான். முடிந்ததும், “விடுற நாலு எது?” என்று கேளுங்கள். அதற்கு உடனே பதில் வந்தால் பாடம் ஏறிவிட்டது.

மூன்றாவது பாடவேளை நேரக் கணக்கு. கையில் 180 நிமிடம். ஒரு மதிப்பெண் வினாக்கள் பதினான்குக்கும் சேர்த்து 15 நிமிடம். இரண்டு மதிப்பெண் பத்துக்கு, மூன்று நிமிடம் வீதம் 30. ஐந்து மதிப்பெண் பத்துக்கு, எட்டு நிமிடம் வீதம் 80. எட்டு மதிப்பெண் இரண்டுக்கு 30. கூட்டினால் 155, சரிபார்க்க 25 மிச்சம். கூட்டலைப் பிள்ளைகளே போடட்டும். நேரம் போதாது என்ற பயத்துக்கு அந்த 25-ஐ அவர்கள் கையாலேயே கண்டுபிடிப்பதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. மெதுவாக எழுதும் பிள்ளைகளுக்கு மட்டும் தனியாகக் கணக்கிட்டுக் கொடுங்கள்.

நான்காவது பாடவேளைதான் இவற்றில் முக்கியம். கணக்கு வராமல் நின்றால் என்ன செய்வது? இரண்டு நிமிடம் பேனா நகரவில்லை என்றால் இதைச் செய்ய வேண்டும். பேனாவைக் கீழே வை. நான்கு எண்ணி மூச்சை இழு, ஆறு எண்ணி விடு, மூன்று முறை. விடும் மூச்சு நீளமாக இருந்தால் நெஞ்சு படபடப்பு கொஞ்சம் அடங்கும். போட்ட வரையிலான படிகளை அடிக்காதே, அவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. அரைப் பக்கம் இடம் விட்டுவிட்டு நேராக வரைபடத்துக்குப் போ. வரைபடத்தில் யோசிக்க அதிகம் இல்லை. y = x² + x − 2 என்று வந்தால் அட்டவணை போட வேண்டும், அளவுத்திட்டம் எழுத வேண்டும், புள்ளிகளைக் குறித்துப் பரவளையத்தை வரைய வேண்டும், அது x அச்சை வெட்டும் −2, 1 ஆகிய இடங்களைப் பார்க்க வேண்டும். கைக்கு வேலை கிடைத்தால் மனம் தானாகத் திரும்பி வரும்.

இதைச் சொன்னால் மட்டும் போதாது, நடத்திப் பார்க்க வேண்டும். மாதிரித் தேர்வில் 15-ஆவது வினாவாக யாருக்கும் எளிதில் வராத கணக்கு ஒன்றை வேண்டுமென்றே வையுங்கள். ஒவ்வொரு விடையைத் தொடங்கும்போதும் ஓரத்தில் மணியைக் குறிக்கச் சொல்லுங்கள். அந்த மாணவிக்கு அரையாண்டில் நேரம் எங்கே போனது என்று அப்போது யாரும் குறித்துவைக்கவில்லை. முதல் மாதிரித் தேர்வில் ஓரக் குறிப்பு காட்டிக்கொடுத்தது: ஒரே கணக்கில் 22 நிமிடம். இரண்டாவதில் அதிகபட்சமே 9 நிமிடம்; இரண்டு எட்டு மதிப்பெண்ணும் முடிந்திருந்தன. மொத்தம் 64. நீங்களும் மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன் இந்த இரண்டைப் பாருங்கள்: ஒரே இடத்தில் எவ்வளவு நேரம் நின்றார்கள், தெரிந்த கணக்கு எத்தனை விடுபட்டது.

படிக்காத பிள்ளைக்கு இந்தப் பாடங்கள் உதவாது. அவனுக்கு வேண்டியது பாடம்தான். வாரக்கணக்கில் தூக்கமில்லாமல், சாப்பிடாமல், பள்ளிக்கு வரவே அஞ்சும் பிள்ளைக்கும், செத்துப்போகலாம் என்று பேசும் பிள்ளைக்கும் இது போதாது. அன்றே வீட்டிலும் தலைமையாசிரியரிடமும் சொல்லுங்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

ஒரு வேண்டுகோள், சக ஆசிரியர்களுக்கு. தேர்வு நாள் காலையில் பள்ளி வாசலில் நின்றுகொண்டு, “அந்தத் தேற்றத்தைப் பார்த்தியா?” என்று கேட்காதீர்கள். ஹால் டிக்கெட், பேனா, காம்பஸ் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து உள்ளே அனுப்புங்கள்.