ஹிஸ்டோகிராமை எங்கே நம்புவது, எப்போது நம்புவது?

எம்ஏசிடி ஹிஸ்டோகிராம் பச்சையானால் வாங்கு, சிவப்பானால் விற்றுவிடு என்று பலரும் பழகியிருக்கிறார்கள். அப்படிச் செய்தால் நல்ல ஏற்றத்தின் நடுவே வெளியேறுவோம். பக்கவாட்டில் அலையும் சந்தையிலோ மாற்றி மாற்றி அடி வாங்குவோம். சந்தை எந்தத் திசையில் போகிறது என்பதை ஹிஸ்டோகிராம் சொல்வதில்லை. அதை வேறொரு கருவியிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, அந்தத் திசையில் வேகம் திரும்பியிருக்கிறதா என்று சரிபார்க்க மட்டுமே இது உதவும்.

அது உண்மையில் எதை அளக்கிறது?

```
MACD      = EMA(12) - EMA(26)
Signal    = EMA(MACD, 9)
Histogram = MACD - Signal
```

ஜெரால்ட் அப்பெல் 1970களின் பிற்பகுதியில் எம்ஏசிடியை உருவாக்கினார். அதன் கோடுகள் ஒன்றையொன்று தாமதமாக வெட்டுவதால், வெட்டு வருவதை முன்கூட்டியே காட்ட 1986இல் தாமஸ் ஆஸ்ப்ரே ஹிஸ்டோகிராமைச் சேர்த்தார்.

ஒரு பங்கு பல மாதங்களாக நாளுக்குச் சரியாக 10 ரூபாய் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 12 நாள் இஎம்ஏ விலைக்கு 55 ரூபாய் கீழே வரும், 26 நாள் இஎம்ஏ 125 ரூபாய் கீழே வரும். இரண்டுக்கும் இடைவெளி 70. அதாவது எம்ஏசிடி 70இல் நிற்கும், சிக்னல் கோடும் 70க்கு வந்து சேரும், ஹிஸ்டோகிராம் பூஜ்யம். விலை தினமும் ஏறுகிறது, பட்டையோ இல்லை! 60 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓடும் வண்டியில் ஆக்ஸிலரேட்டரை மேலும் மிதிக்கிறோமா, விடுகிறோமா என்பதைத்தான் ஹிஸ்டோகிராம் பார்க்கிறது. வண்டி எந்தப் பக்கம் போகிறது என்பது அதன் கணக்கில் இல்லை.

தாமதத்தை எண்களில் பார்ப்போம்

அதே பங்கு 3,000 ரூபாயைத் தொட்டபின் ஐந்து நாள் நாளுக்கு 10 ரூபாய் இறங்கி 2,950க்கு வருகிறது. ஆறாம் நாளிலிருந்து மறுபடி நாளுக்கு 10 ரூபாய் ஏறுகிறது. கணக்குப் போட்டால் ஹிஸ்டோகிராம் இப்படி வரும்:

- நாள் 1, விலை 2,990: –1.28
- நாள் 5, விலை 2,950: –10.40
- நாள் 6, விலை 2,960: –11.26
- நாள் 7, விலை 2,970: –11.11
- நாள் 8, விலை 2,980: –10.32
- நாள் 16, விலை 3,060: –0.18
- நாள் 17, விலை 3,070: +0.67

விலை திரும்பிய ஆறாம் நாளிலும் பட்டை இன்னும் ஆழமாகப் போகிறது. ஏழாம் நாளில்தான் மெல்லத் திரும்புகிறது. பூஜ்யத்தைத் தாண்டுவதற்கோ பதினேழாம் நாள் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் விலை அடியிலிருந்து 120 ரூபாய் ஏறி, பழைய உச்சத்தையும் 70 ரூபாய் கடந்துவிட்டது. எல்லாச் சராசரியும் பழைய விலைகளைச் சுமந்துகொண்டுதான் நகரும். இங்கே சராசரிகளின் வித்தியாசத்துக்கு மேல் இன்னொரு சராசரி வேறு. தாமதம் இரண்டு அடுக்காகச் சேர்கிறது.

முதல் நாளையும் கவனியுங்கள். ஒரே ஒரு நாள் 10 ரூபாய் இறங்கியதற்கே பட்டை சிவப்பாகிவிட்டது. சீரான ஏற்றத்தில் ஹிஸ்டோகிராம் பூஜ்யத்தை ஒட்டியே கிடப்பதால், சிறு சறுக்கலும் அதை மறுபக்கம் தள்ளிவிடும். அதனால்தான் நிறத்தை நம்பி விற்கக் கூடாது.

செய்முறை

1. திசையை முதலில் முடிவு செய்யுங்கள். தினசரி சார்ட்டில் 200 நாள் சராசரியைப் போடுங்கள். முடிவு விலை அதற்கு மேல் இருக்க வேண்டும், அந்தச் சராசரியும் 20 நாளுக்கு முன்பிருந்ததைவிட உயர்ந்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் வாங்கும் பக்கம் திறக்கும். சராசரி படுத்துக் கிடந்தால் அந்தப் பங்கை விட்டுவிடுங்கள்.

2. இறக்கத்துக்குக் காத்திருங்கள். ஹிஸ்டோகிராம் பூஜ்யத்துக்குக் கீழே போக வேண்டும். ஏற்றப் போக்குக்குள் இது விற்கச் சொல்லும் செய்தி அல்ல, நாம் எதிர்பார்க்கும் இளைப்பாறல்.

3. திருப்பத்தைப் பாருங்கள், பூஜ்யத்தை அல்ல. பூஜ்யத்துக்குக் கீழிருந்தே பட்டை அடுத்தடுத்து இரண்டு நாள் உயர வேண்டும். நம் எடுத்துக்காட்டில் எட்டாம் நாள் இது நிறைவேறுகிறது. சந்தை நேரத்தில் பட்டை மாறிக்கொண்டே இருக்கும். சந்தை முடிந்த பிறகே கணக்கில் எடுங்கள்.

4. விலையும் ஒத்துப்போக வேண்டும். விலை இறங்கிக்கொண்டே இருந்தும் இறங்கும் வேகம் குறைந்தாலே பட்டை உயரத் தொடங்கிவிடும். ஆகவே முந்தைய நாளின் உச்ச விலைக்கு மேல் அன்றைய விலை முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்னொரு நாள் பொறுங்கள்.

5. ஸ்டாப்லாஸை வைத்து அளவை முடிவு செய்யுங்கள். இறக்கத்தின் அடிக்குச் சற்றுக் கீழே, இங்கே 2,945இல், ஸ்டாப்லாஸ் வையுங்கள். இரண்டு லட்சம் ரூபாய் முதலீட்டில் ஒரு வர்த்தகத்துக்கு ஒரு சதவீதம், அதாவது 2,000 ரூபாய்தான் இழக்கலாம் என்பது உங்கள் விதியென்றால், 2,980இல் வாங்கும்போது ஒரு பங்குக்கு இடர் 35 ரூபாய். 57 பங்கு வாங்கலாம். பூஜ்யத்தைத் தாண்டும்வரை காத்திருந்து 3,070இல் வாங்கினால் இடர் 125 ரூபாய், 16 பங்குதான் கிடைக்கும். தாமதத்தின் விலை இதுதான்.

6. வெளியேற வேறு விதி வையுங்கள். பட்டை சுருங்குகிறது என்று விற்காதீர்கள். ஏற்றம் சீரானாலே அது சுருங்கும். ஒவ்வொரு சிறு இறக்கத்தின் அடிக்கும் கீழே ஸ்டாப்லாஸை நகர்த்திக்கொண்டே வாருங்கள். அது அடிபடும்போது வெளியே வந்தால் போதும்.

எங்கே இது கைவிடும்?

தாமதத்தைக் குறைக்க 12, 26, 9 என்பதை 5, 13, 4 என்று சுருக்கலாமே என்று தோன்றும். பட்டை சீக்கிரம் திரும்பும், பொய்த் திருப்பங்களும் கூடவே பெருகும். தாமதமும் இரைச்சலும் தராசின் இரு தட்டுகள். ஒன்றை இறக்கினால் மற்றது ஏறும்.

திசையைச் சொல்லும் 200 நாள் சராசரி இன்னும் மெதுவானது. நிஃப்டி 50 குறியீடு 2020 மார்ச் 23 அன்று 7,610இல் முடிந்தது. அது 200 நாள் சராசரியை மீண்டும் கடக்க ஜூலை ஆனது. அதற்குள் 3,000 புள்ளிகளுக்கு மேல் ஏறியிருந்தது. இந்த முறையைக் கடைப்பிடித்தவருக்கு அந்த ஏற்றத்தில் பங்கில்லை. சரிவின் அடியிலிருந்து எழும் முதல் ஏற்றத்தை இது பிடிக்காது. அதற்கு ஈடாக, நீண்ட சரிவின் நடுவே வரும் போலி மீட்சிகளில் மாட்டிக்கொள்ளாமல் காக்கும்.

கடைசியாக ஒன்று: 200 நாள் சராசரி, ஹிஸ்டோகிராம் இரண்டுமே ஒரே முடிவு விலையிலிருந்து பிறப்பவை. இரண்டும் ஒத்துச் சொன்னால் இரண்டு தனிச் சாட்சிகள் கிடைத்ததாக நினைத்து அளவைக் கூட்டிவிடாதீர்கள். ஐந்தாம் படியில் வந்த எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.