வாடிக்கையாளரைப் பெறும் விலையும் அவரால் வரும் வரவும்

திருப்பூர் போன்றதொரு தொழில் நகரில், சிறு பனியன் கம்பெனிகளுக்கு மாதந்தோறும் கணக்கு எழுதி ஜி.எஸ்.டி. படிவம் தாக்கல் செய்து கொடுக்கும் ஓர் அலுவலகம் இருப்பதாகவும், அது கூகுள் விளம்பரம், தொழிற் கண்காட்சி ஆகிய இரண்டு வழிகளால் புதிய வாடிக்கையாளரைத் தேடுவதாகவும் வைத்துக்கொள்வோம். இவற்றுள் எதற்குப் பணம் செலவிடுவது உசிதம் என்ற விஷயத்தில் வியாபாரிகளிடையே வேரூன்றியிருக்கும் மூன்று நம்பிக்கைகளை இந்த அலுவலகத்தின் கணக்கைக் கொண்டே பரிசீலிக்கலாம்.

நம்பிக்கை 1: விளம்பரப் பில்லை, வந்த வாடிக்கையாளரின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒருவரைப் பெற்ற செலவு கிடைத்துவிடும்.

உண்மை: பில் என்பது செலவின் ஒரு பகுதி மாத்திரமே. மாதம் 20,000 ரூபாய் விளம்பரத்துக்குச் செலவிட்டு, நாற்பது பேர் விசாரித்து, நால்வர் சேர்ந்தால், தலைக்கு 5,000 ரூபாய் என்று தோன்றும். ஆனால் அந்த நாற்பது பேருக்கும் போன் செய்து, விவரம் சொல்லி, மறுபடியும் நினைவூட்டிய ஊழியரின் சம்பளத்தில் 8,000 ரூபாய் இந்த வேலைக்கே போயிருக்குமாயின், மெய்யான செலவு 7,000 ரூபாயாகும். கண்காட்சிக்கும் இவ்விதமே ஸ்டால் வாடகை, அச்சுக்கூலி, ஊழியரின் நாட்கள், பிறகு அவர்கள் அலைந்த அலைச்சல் அனைத்தையும் கூட்டி 72,000 ரூபாய் என்றும், அதனால் சேர்ந்தவர்கள் அறுவர் என்றும் கொண்டால், ஒருவருக்கு 12,000 ரூபாய் ஆகிறது. இந்த இடத்தில் கணக்கை நிறுத்துகிறவர், கண்காட்சி வீண் என்ற முடிவுக்கே வருவார்.

நம்பிக்கை 2: மாதக் கட்டணம் எல்லோருக்கும் ஒன்றே, ஆகையால் எந்த வழியாக வந்தவரும் ஒரே மதிப்புடையவர்.

உண்மை: மதிப்பை நிர்ணயிப்பவை, கட்டணத்தில் மிஞ்சும் தொகையும் வாடிக்கையாளர் தங்கும் காலமுமே. கட்டணம் 3,000 ரூபாய், அந்த ஒருவருக்காகக் கணக்கு எழுதும் உழைப்பின் கூலி 1,800 ரூபாய் எனில், மாதம் மிஞ்சுவது 1,200 ரூபாய். தங்கும் காலத்தை அனுமானிக்க, மாதந்தோறும் எத்தனை பேர் விலகுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்: கண்காட்சி வழி வந்த ஐம்பது பேரில் மாதம் இருவர் விலகினால் சராசரி ஆயுள் 25 மாதம்; விளம்பர வழி வந்த இருபது பேரில் மாதம் இருவர் விலகினால் 10 மாதம்.

இவ்வேற்றுமைக்குக் காரணமும் உண்டு. மாதாந்தரப் படிவத்தைத் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளாகிய 20ஆம் தேதி நெருங்கும்போது, பதற்றத்தில் கைப்பேசியில் தேடி வருகிறவர், அன்றைய நெருக்கடி தீர்ந்ததும் நூறு ரூபாய் குறைவாகக் கேட்பவரிடம் போய்விடக்கூடும். கண்காட்சியில் நிதானமாக உட்கார்ந்து பேசி, இரண்டு முறை அலுவலகத்தைப் பார்த்த பிறகு சேர்ந்தவர் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. ஆகவே முன்னவரால் 12,000 ரூபாயும் பின்னவரால் 30,000 ரூபாயும் வரவாகின்றன. பெற்ற செலவைக் கழித்தால், விளம்பரத்தில் 5,000 ரூபாயும், வீண் என்று தள்ளப்பட்ட கண்காட்சியில் 18,000 ரூபாயும் நிற்கின்றன.

இதை அறிய, ஒவ்வொருவரும் சேரும் நாளிலேயே எவ்விதம் நம்மை அறிந்தார் என்று கேட்டுப் பேரேட்டில் எழுதிவைப்பது அவசியம். எல்லோரையும் ஒன்றாகக் கலந்து சராசரி எடுத்தால் இந்த வேற்றுமை மறைந்துபோகும்.

நம்பிக்கை 3: இலாபம் தரும் வழியில் பணத்தை இரட்டித்தால் இலாபமும் இரட்டிக்கும்.

உண்மை: நம்மை நாடக்கூடியவர்களுள் எளிதில் இணங்குகிறவர்கள் முதலிலேயே வந்துவிடுகிறார்கள். விளம்பரச் செலவும் ஊழியர் செலவும் சேர்ந்த 28,000 ரூபாயை 56,000 ஆக்கியபோது, வாடிக்கையாளர் நால்வரிலிருந்து அறுவராக மட்டுமே உயர்ந்தால், சராசரிச் செலவு சுமார் 9,300 ரூபாய்தான். 12,000 வரவுக்கு அது தாழ்வாகவே தெரியும். ஆயினும் அதிகப்படியாக வந்த இருவருக்கும் ஆன செலவு தலைக்கு 14,000 ரூபாய். அவர்கள் ஒவ்வொருவராலும் 2,000 ரூபாய் நஷ்டம். கூட்டிய செலவுக்குக் கூடிய ஆட்கள் எத்தனை பேர் என்பதைத் தனியாகப் பார்ப்பதே நியாயமான பரீட்சை.

அப்படியானால் கையிலுள்ள பணம் முழுவதையும் கண்காட்சியில் போடலாமா என்றால், இரண்டு நிபந்தனைகளைக் கவனித்தாக வேண்டும். மாதம் 1,200 ரூபாய் வீதம், கண்காட்சியில் ஒருவரைப் பெறச் செலவான 12,000 ரூபாய் திரும்பிவரப் பத்து மாதம் ஆகும். விளம்பரப் பணமோ ஆறே மாதத்தில் திரும்பிவிடும். பத்து மாதம் பொறுக்கக் கைம்முதல் இல்லாத அலுவலகத்துக்கு, இலாபமான வழியே சம்பள நாளில் நெருக்கடியை உண்டாக்கும். மேலும், கண்காட்சியால் சேர்ந்தவர்கள் அறுவர் என்பது சிறிய எண். அடுத்த முறை மூவரே சேரக்கூடும். அப்போதும் தலைக்கு 24,000 ரூபாய் செலவுக்கு 30,000 ரூபாய் வரவு நிற்கும். இருவராகக் குறைந்தால் 36,000 ரூபாய் செலவாகி நஷ்டம் வந்துவிடும். எனவே ஸ்டாலுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே, மூவருக்குக் குறையாமல் சேருவார்கள் என்று நம்ப முந்திய ஆண்டுகளின் பேரேடு இடம் கொடுக்கிறதா என்று பார்த்துத் தீர்மானிப்பதே விவேகம்.