நம்பிக்கைகளும் உண்மைகளும்: சலுகைக்குரிய தகுதியைக் கணினி கணக்கிடும்போது

நகரமே நாடாக இருக்கும் சிங்கப்பூரில் நகராட்சி என்று தனியே ஓர் அமைப்பு இல்லாததால், வேறு நாடுகளில் நகராட்சி அலுவலகம் செய்யும் நலத்திட்டப் பணிகளை இங்கு அமைச்சுகளும் அவற்றின்கீழ் இயங்கும் சமூக சேவை அலுவலகங்களும் செய்கின்றன. ஒரு குடும்பத்தின் வருமானத்தைக் கணக்கிட்டு, அதற்கு எவ்வளவு சலுகை உரியது என்று முடிவு செய்யும் முறை ‘வருமானத் தகுதிச் சோதனை’ எனப்படும். அதன் பெரும்பகுதியைக் கணினியே செய்துவிடுகிறது. இத்தகைய முறையை நடத்தும் அலுவலகம் எவற்றைச் சரிபார்க்க வேண்டும் என்பதை, சாஸ் எனப்படும் சமூகச் சுகாதார உதவித் திட்டத்தில் 2018ஆம் ஆண்டு நேர்ந்த பிழை தெளிவாகக் காட்டுகிறது. அந்தப் பிழையை முன்வைத்து, பரவலாக உள்ள நான்கு நம்பிக்கைகள் இங்கு ஆராயப்படுகின்றன.

நம்பிக்கை 1: விதிகள் நிலையானவை என்றால் கணினி தவறு செய்யாது.

உண்மை: செயற்கை நுண்ணறிவுக்கு மட்டுமே கண்காணிப்பு தேவை என்றும், கூட்டி வகுக்கும் எளிய நிரலுக்கு அது தேவையில்லை என்றும் கருதுவது பிழையானது. 2018இல் சாஸ் திட்டத்தின் விதி மிக எளியது. குடும்பத்தின் மாத வருமானத்தைத் தலைக்கு வகுத்தால் 1,100 வெள்ளிக்கு மேற்படாதவர்களுக்கு நீல அட்டையும், 1,101 முதல் 1,800 வெள்ளி வரை உள்ளவர்களுக்கு ஆரஞ்சு அட்டையும் வழங்கப்பட்டன. ஆயினும் அவ்வாண்டு செப்டம்பர் 18 முதல் அக்டோபர் 10 வரை பரிசீலிக்கப்பட்ட விண்ணப்பங்களிலும் புதுப்பிப்புகளிலும் ஏறத்தாழ 7,700 பேருக்குச் சலுகை தவறாகக் கணக்கிடப்பட்டது. என்சிஎஸ் நிறுவனம் நிர்வகித்த கணினி முறையில் ஏற்பட்ட மென்பொருள் பதிப்புக் கோளாறால், கணக்கீட்டுக்குத் தேவையான வருமானத் தகவல் முழுமையாகக் கிடைக்காமல் போனதே காரணம். விதி மாறவில்லை, விதிக்குள் சென்ற எண்களே குறைந்துபோயின.

எனவே சரிபார்ப்புப் பட்டியலின் முதல் கூறு இதுவாக இருக்க வேண்டும்: மென்பொருளிலோ வழங்கியிலோ எந்த மாற்றம் செய்தாலும், சரியான விடை முன்பே உறுதியான பழைய விண்ணப்பங்கள் சிலவற்றைப் புதிய பதிப்பில் மீண்டும் ஓட்டி, விடைகள் ஒன்றுக்கொன்று பொருந்திய பிறகே அதைப் பயன்பாட்டுக்கு விட வேண்டும்.

நம்பிக்கை 2: பதிவில் வருமானம் இல்லையென்றால் அந்த வீட்டில் வருமானம் இல்லை.

உண்மை: வருமானமே இல்லாத நிலையும், வருமானத் தகவல் வந்து சேராத நிலையும் வெவ்வேறானவை, இரண்டையும் ஒன்றாக எண்ணும் முறை எத்திசையிலும் தவறக்கூடும். தேக்கா பகுதியில், பஃபலோ சாலையிலுள்ள வீவக வீடொன்றில் நால்வர் கொண்ட குடும்பம் வாழ்வதாகக் கணக்குக்காக வைத்துக்கொள்ளலாம். மகளின் சம்பளம் 3,200 வெள்ளி, சந்தையில் கடை நடத்தும் தந்தையின் வருமானம் 2,000 வெள்ளி என்றால், மொத்தம் 5,200 வெள்ளியை நால்வருக்கு வகுக்கத் தலைக்கு 1,300 வெள்ளி வருகிறது. 2018ஆம் ஆண்டு விதிப்படி அக்குடும்பத்துக்கு உரியது ஆரஞ்சு அட்டை. தந்தையின் வருமானத் தகவல் மட்டும் வந்து சேராவிட்டால் தலைக்கு 800 வெள்ளியாகி, நீல அட்டை கிடைத்துவிடும்.

அருகிலேயே ஒரு தனியார் அடுக்குமாடி வீட்டில் ஓய்வுபெற்ற பெற்றோரும், 3,000 வெள்ளி சம்பாதிக்கும் மகனும் இருப்பதாகக் கொண்டால், தலைக்கு 1,000 வெள்ளி என்பதால் அவர்களுக்கு நீல அட்டை உரியது. மகனின் வருமானம் பதிவில் வராவிட்டால் அது வருமானமே இல்லாத குடும்பமாகத் தோன்றும். அத்தகைய குடும்பங்களுக்கு வீட்டின் ஆண்டு மதிப்பே, அதாவது அவ்வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் கிடைக்கக்கூடிய தொகையே, அளவுகோலாகக் கொள்ளப்பட்டது. அம்மதிப்பு 21,000 வெள்ளியைத் தாண்டியிருந்தால் அவர்களுக்கு அன்று அட்டையே கிடைத்திருக்காது. தகவல் விடுபட்டது இரு வீட்டிலும் ஒன்றே. ஒரு வீடு உரியதைவிடக் கூடுதலாகப் பெறுகிறது, மற்றது உரியதையே இழக்கிறது.

ஆகவே ‘பூஜ்யம்’ என்பதும் ‘தகவல் இல்லை’ என்பதும் பதிவில் வெவ்வேறு குறியீடுகளாக இருக்க வேண்டும். இரண்டாவது வகை விண்ணப்பம் தானாக முடிவாகாமல் ஓர் அதிகாரியின் பார்வைக்குச் செல்ல வேண்டும். எந்தெந்த உறுப்பினரின் எவ்வளவு வருமானம் கணக்கில் கொள்ளப்பட்டது என்பதை விண்ணப்பதாரருக்கு அனுப்பும் கடிதம், அவர் படிக்கும் மொழியில், தெரிவிக்க வேண்டும்.

நம்பிக்கை 3: தவறு நடந்தால் பாதிக்கப்பட்டவர்கள் முறையிடுவார்கள், அப்போது திருத்திக்கொள்ளலாம்.

உண்மை: பாதிக்கப்பட்ட 7,700 பேரில் சுமார் 6,400 பேர் உரியதைவிடக் கூடுதலான சலுகையும், சுமார் 1,300 பேர் குறைவான சலுகையும் பெற்றார்கள். கூடுதலாகப் பெற்றவர் முறையிடக் காரணமில்லை; குறைவாகப் பெற்றவரோ தமக்கு உரியது அவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்ளக்கூடும். ஓர் அட்டைதாரரின் சோதனை முடிவில் இருந்த முரண்பாட்டை செப்டம்பர் 24 அன்று கவனித்து, சுகாதார அமைச்சுக்குத் தெரியவர வழிசெய்தது திட்டத்தோடு தொடர்புடைய ஓர் அரசு அமைப்பே. கோளாறு அக்டோபர் 10 அன்று சரிசெய்யப்பட்டது. 2019 பிப்ரவரியில் செய்தி பொதுமக்களுக்கு அறிவிக்கப்பட்டது.

முறையீடுகளின் எண்ணிக்கையை மட்டும் நம்பும் அலுவலகத்துக்கு இத்தகைய பிழை கண்ணில் படாது. நீலம், ஆரஞ்சு போன்ற முடிவுகள் அன்றாடம் எந்த விகிதத்தில் வெளிவருகின்றன என்பதை முந்தைய மாதங்களோடு ஒப்பிட்டால், திடீர் ஏற்ற இறக்கம் ஓரிரு நாளிலேயே தெரிந்துவிடும். அதனுடன், வாரந்தோறும் சில விண்ணப்பங்களை அதிகாரிகள் கையால் கணக்கிட்டுப் பார்ப்பதும், சந்தேகம் எழுந்தவுடன் தானியங்கி முடிவுகளை நிறுத்தி வைக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பதைப் பதவிப் பெயருடன் எழுதி வைப்பதும் பட்டியலில் இடம்பெற வேண்டும்.

நம்பிக்கை 4: கணினியின் கணக்கைப் பொய்யென்று நிரூபிக்க வேண்டியவர் பயனாளி.

உண்மை: இந்த நம்பிக்கை எவ்வளவு தீங்கானது என்பதை ஆஸ்திரேலியாவின் ‘ரோபோடெட்’ திட்டம் காட்டியது. 2015 முதல் 2019 வரை நடந்த அத்திட்டத்தில், வரித்துறையிடம் இருந்த ஆண்டு வருமானம் இரு வாரத் தவணைகளுக்குச் சமமாகப் பிரிக்கப்பட்டது. சில மாதங்கள் மட்டும் வேலை பார்த்தவரும் ஆண்டு முழுவதும் சம்பாதித்தவராகக் காட்டப்பட்டு, அரசுக்குக் கடன்பட்டவர் என்று கடிதம் பெற்றார். கடனில்லை என்று பழைய சம்பளச் சீட்டுகளைத் தேடிக் காட்டும் பொறுப்பு ஏழைகளின்மேல் விழுந்தது. அத்திட்டம் சட்டத்துக்குப் புறம்பானது என்பது பின்னர் நிலைநாட்டப்பட்டது. அதை விசாரித்த அரச ஆணையம் 2023 ஜூலையில் அறிக்கை அளித்தது.

சாஸ் பிழையில் சிங்கப்பூர் இதற்கு நேர்மாறான வழியைத் தேர்ந்தெடுத்தது: கூடுதலாகப் பெற்றவர்கள் எதையும் திருப்பித் தர வேண்டியதில்லை என்றும், குறைவாகப் பெற்றவர்களுக்கு விடுபட்ட தொகை வழங்கப்படும் என்றும் அமைச்சு முடிவு செய்தது. இம்முடிவு ஒவ்வொரு முறையும் நல்லெண்ணத்தைச் சார்ந்திராமல், முன்கூட்டியே விதியாக எழுதப்பட வேண்டும். முறையை நடத்தும் நிறுவனம் ஏற்க வேண்டிய செலவு ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். மேல்முறையீட்டைப் பரிசீலிப்பவர், அதே கணினியின் விடையை மறுபடி அச்சிட்டுத் தராமல், மூல ஆவணங்களிலிருந்து கணக்கிட வேண்டும்.

சிங்கப்பூரின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசு அமைப்புகளைக் கட்டுப்படுத்துவதில்லை. அவற்றின் தரவுப் பகிர்வு 2018ஆம் ஆண்டின் பொதுத்துறை ஆளுமைச் சட்டத்தின்கீழ் வருகிறது. அதனால் மேற்கண்ட சரிபார்ப்புகளை அலுவலகங்கள் தாமே முன்வந்து விதியாக்கிக்கொள்வது கட்டாயமாகிறது. பயனாளிகளும், குடும்பக் கணக்கில் பிழை நேராதிருக்க, அடையாள அட்டையிலுள்ள முகவரி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அட்டையின் நிறத்தில் ஐயம் எழுந்தால், யார் யாருடைய வருமானம் சேர்க்கப்பட்டது என்று தயங்காமல் கேட்க வேண்டும். அக்கேள்விக்குப் பதில் சொல்ல இயலாத எந்த அலுவலகமும், தகுதியைத் தீர்மானிக்கும் பொறுப்பைக் கணினியிடம் ஒப்படைக்கத் தகுதி பெற்றதாகாது.