பங்கு வாங்கும்முன் வரிசையைப் பாருங்கள்

பாசிர் ரிஸில் ரயிலேறி ராஃபிள்ஸ் பிளேஸ் போவதற்குள் கைப்பேசியில் பங்கு வாங்கிவிட முடிகிறது. அந்தப் பங்கின் விலையை எந்த அதிகாரியும் நிர்ணயிப்பதில்லை. சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையின் கணினி, வாங்குவோரையும் விற்போரையும் சேர்த்துவைப்பதில்தான் விலை பிறக்கிறது. முதன்முறை வாங்குவோருக்குச் சில குறிப்புகள்:

1. திரையில் பெரிதாகத் தெரிவது கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை. உங்களுக்கும் அதே விலையில் கிடைக்கும் என்று உறுதியில்லை. வாங்கக் காத்திருப்போர், விற்கக் காத்திருப்போர் என்ற இரண்டு வரிசைகளையும் பாருங்கள்.

2. வாங்கும் வரிசையில் அதிக விலை தருபவரும், விற்கும் வரிசையில் குறைந்த விலை கேட்பவரும் முன்னால் நிற்பார்கள். ஒரே விலை என்றால் முதலில் வந்தவருக்கே முன்னுரிமை. விலையை மாற்றினாலோ எண்ணிக்கையைக் கூட்டினாலோ உங்கள் இடம் பின்னால் போய்விடும். அதனால் சும்மா சும்மா திருத்தாதீர்கள்.

3. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விற்கும் வரிசையில் 1.51 வெள்ளிக்கு 300 பங்குகள், 1.52-க்கு 500, 1.55-க்கு 2,000 நிற்கின்றன. கடைசி விலை 1.50. நீங்கள் விலை குறிப்பிடாமல், ‘சந்தை விலைக்கு 1,000 பங்கு’ என்கிறீர்கள். கணினி 300-ஐ 1.51-க்கும், 500-ஐ 1.52-க்கும், மீதி 200-ஐ 1.55-க்கும் எடுத்துத் தரும். மொத்தம் 1,523 வெள்ளி. 1,500 என்று நினைத்தவருக்கு 23 வெள்ளி கூடுதல். தரகுக் கட்டணம் தனி. திரையிலும் விலை 1.55 ஆகிவிடும். அதை ஏற்றியது உங்கள் ஆர்டர்தான்.

4. அதே ஆர்டருக்கு 1.52 என்று உச்ச வரம்பு வைத்திருந்தால் 800 பங்குகள் கிடைத்திருக்கும். மீதி 200-க்கு நீங்கள் வாங்கும் வரிசையின் முதலிடத்தில் காத்திருப்பீர்கள். அப்போது ஒருவர் 1.50-க்கே விற்க வந்தாலும் வியாபாரம் 1.52-க்குத்தான் முடியும், ஏனெனில் வரிசையில் ஏற்கெனவே நிற்கும் ஆர்டரின் விலையே செல்லும். வரம்பு வைப்பதில் ஒரு குறையும் உண்டு: யாரும் அந்த விலைக்கு இறங்கி வராவிட்டால் பங்கு கிடைக்காது.

5. காலை 8.30 முதல் ஆர்டர்கள் சேரும், ஆனால் வியாபாரம் நடக்காது. 9 மணிக்குத் தொடங்கும் முன், மிக அதிகப் பங்குகள் கைமாறக்கூடிய ஒரே விலையைக் கணினி கண்டுபிடிக்கும். அதுவே தொடக்க விலை. அதற்கு மேல் தரத் தயாராக இருந்தவரும் அந்த விலையையே கொடுப்பார். 9 மணிக்கு முன் திரையில் ஆடும் விலையைக் கண்டு பதறவேண்டாம்.

6. இரண்டு வரிசைகளின் முன்னணி விலைகளுக்கு நடுவே பல காசு இடைவெளி இருந்தாலோ, ஒவ்வொரு விலையிலும் சில நூறு பங்குகளே நின்றாலோ, அது ஆள் குறைந்த பங்கு. அங்கே சிறிய ஆர்டரே விலையைத் தூக்கிவிடும். அப்படிப்பட்ட பங்கை வரம்பு வைக்காமல் ஒருபோதும் வாங்காதீர்கள், விற்கும்போதும் அப்படியே.