கேன்வாவில் டெம்ப்ளேட், லோகோ விற்கிறீர்களா?

திண்டிவனம் அருகே பெருமுக்கல்லில் இருந்தபடியே கடைகளுக்கு டெம்ப்ளேட் செய்து விற்கலாம். வாங்குபவருக்கு ‘Template link’ மட்டும் அனுப்புங்கள். திருத்தும் அனுமதியுள்ள இணைப்பைத் தந்தால், அவர் மாற்றுவதெல்லாம் உங்கள் மூலத்திலேயே மாறிவிடும். அனுப்புமுன் வேறொரு இலவசக் கணக்கில் திறந்து பாருங்கள்; கட்டணப் படங்கள் மேல் நீர்க்குறி தெரிந்தால் அவற்றை மாற்றுங்கள்.

லோகோவுக்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும். கேன்வாவில் உள்ள ஆயத்தப் படத்தை வைத்த லோகோவை வர்த்தக முத்திரையாகப் பதிய அதன் உரிம விதி இடம் தராது. ஒரு பால் கடைக்கு நீங்கள் வைக்கும் அதே பசுப் படம் இன்னொரு பால் கடையின் பலகையிலும் இருக்கலாம். அடிப்படை வடிவங்கள், கோடுகள், எழுத்துருக்களுக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே பெருமுக்கல் பால் கடைக்கென்றால், இரண்டு முக்கோணங்களில் மலையும் கீழே ஒரு வளைகோட்டில் பால் கிண்ணமும் நீங்களே அமையுங்கள்.