பதில் தராத வாடிக்கையாளருக்குக் கெடு விதிப்பது எப்படி?

கேள்வி: கோயம்புத்தூரில் வீட்டு உள்அலங்கார வேலைகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்துவரும் வாசகர் ஒருவர், 2025 ஜனவரி 6 அன்று ஒரு வீட்டு உரிமையாளருடன் எழுத்து ஒப்பந்தம் செய்து, சமையலறையையும் அலமாரிகளையும் 120 நாட்களில், அதாவது மே 6-க்குள், முடித்துத் தர ஏற்றிருக்கிறார். வரைபடம் கொடுத்த 7 நாட்களுக்குள் உரிமையாளர் ஒப்புதல் தர வேண்டும் என்றும், மே 6-ஐத் தாண்டினால் ஒப்பந்ததாரர் நாளொன்றுக்கு 3,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் ஒப்பந்தம் கூறுகிறது. சமையலறை வரைபடம், லேமினேட் மாதிரி, மின்இணைப்பு வரைபடம் ஆகிய மூன்றும் பிப்ரவரி 10 அன்று ஒப்படைக்கப்பட்டும், மார்ச் 24 வரை பதில் இல்லை. வாட்ஸ்அப்பில் நீலக் குறி மட்டும் விழுகிறது. மௌனத்தையே ஒப்புதலாகக் கொண்டு பிளைவுட் அறுக்கத் தொடங்கலாமா, அல்லது ஒப்பந்தத்தையே முறித்துக்கொள்ளலாமா என்பது அவருடைய கேள்வி.

பதில்: இரண்டுமே இப்போதைக்குக் கூடாது. குறித்த காலத்துக்குள் பதில் வராவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகக் கருதப்படும் என்று ஒப்பந்தத்தில் தெளிவான வாசகம் இருந்தால் ஒழிய, நீலக் குறியைச் சட்டம் சம்மதமாக எடுத்துக்கொள்வதில்லை. அடுப்பு எந்தச் சுவரில் வரும், சிம்னிக்கான துளை எங்கே இடப்படும் என்பது முடிவாகாமல் அறுத்து விளிம்பு ஒட்டப்பட்ட பலகை வேறு அளவுக்கு உதவாது என்பதையும், பின்னர் உரிமையாளர் மறுத்தால் அந்தச் செலவு முழுவதும் ஒப்பந்ததாரர் தலையில் விழும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். முறித்துக்கொள்வதிலோ வேறொரு அபாயம் உண்டு: உரிய அவகாசம் தராமல் ஒப்பந்ததாரர் விலகினால், ஒப்பந்தத்தை மீறியவர் அவரே என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் கிடைத்துவிடும்.

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 இத்தகைய நிலையை முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருக்கிறது. ஒருவர் தம் வேலையைச் செய்வதற்கு மற்றவர் தர வேண்டிய நியாயமான வசதியைத் தர மறுத்தாலோ தரத் தவறினாலோ, அதனால் நேர்ந்த நிறைவேற்றாமைக்கு முன்னவர் பொறுப்பல்லர் என்கிறது பிரிவு 67. வீட்டைப் பழுதுபார்க்க ஒப்புக்கொண்டவருக்கு, எந்தெந்த இடங்கள் பழுதாகியுள்ளன என்று வீட்டுக்காரர் காட்டத் தவறினால், வேலை நடக்காததற்குப் பழுதுபார்ப்பவர் பொறுப்பில்லை என்பதே அப்பிரிவு தரும் எடுத்துக்காட்டு; வாசகரின் நிலை இதற்கு மிக அருகில் இருக்கிறது. பிரிவு 54 இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. இரு தரப்பும் ஒன்றுக்கொன்று தந்த வாக்குறுதிகளில், முதலாவது நிறைவேறாமல் இரண்டாவதை நிறைவேற்ற முடியாது என்றால், முதலாவதில் தவறியவர் மற்றவரிடம் அவருடைய கடமையைக் கேட்க முடியாது என்பதோடு, அதனால் மற்றவருக்கு நேர்ந்த நட்டத்தையும் ஈடுசெய்ய வேண்டும். எனவே 3,000 ரூபாய்க் கணக்கு ஒப்பந்ததாரர் மீது வராமல் தடுக்கும் வழி சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் தடை எது, எந்த நாளில் தொடங்கியது, எந்த வேலையைத் தடுத்தது என்பதை நிறுவ வேண்டியவர் ஒப்பந்ததாரரே.

அதை நிறுவுவதற்கு இதுவரை அனுப்பிய செய்திகள் பெரிதாக உதவா. “சார், டிராயிங் பார்த்துட்டீங்களா? கொஞ்சம் சீக்கிரம் சொன்னா நல்லா இருக்கும்” என்பது போன்ற செய்தியில் எந்த வரைபடம் என்பதும் இல்லை, எந்த நாளுக்குள் என்பதும் இல்லை, சொல்லாவிட்டால் என்ன நேரும் என்பதும் இல்லை. இப்படிப் பத்துச் செய்தி அனுப்பியிருந்தாலும், காலக்கெடுவை ஒப்பந்ததாரரே பொருட்படுத்தவில்லை என்ற எண்ணத்தைத்தான் அவை வளர்க்கும். கட்டுமானம் சார்ந்த ஒப்பந்தங்களில், குறிப்பாகக் கால நீட்டிப்புக்கும் தாமத இழப்பீட்டுக்கும் இடமளிப்பவற்றில், ஒரு தேதி எழுதப்பட்டிருப்பதாலேயே காலம் அவ்வொப்பந்தத்தின் உயிர்நிலை ஆகிவிடுவதில்லை. 1979-இல் ஹிந்த் கன்ஸ்ட்ரக்ஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. அத்தகைய நிலையில் ஒப்பந்தத்தை முறிக்க விரும்புபவர், நியாயமான புதிய கெடுவை அறிவிப்பு மூலம் விதித்து, அதன் பிறகே காலத்தை உயிர்நிலையாக்க முடியும். வாசகர் இப்போது எழுத வேண்டிய கடிதத்தின் சட்ட வேலை இதுதான்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டியதில்லை. மார்ச் 25 தேதியிட்டு அதன் மையப்பகுதி இவ்வாறு அமையலாம்: “ஐயா, பிப்ரவரி 10 அன்று தங்களிடம் ஒப்படைக்கப்பட்ட பின்வரும் மூன்றுக்கும் ஒப்பந்தப்படி பிப்ரவரி 17-க்குள் வர வேண்டிய ஒப்புதல் இதுவரை வரவில்லை. ஏப்ரல் 4, வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் எழுத்து மூலம் ஒப்புதலோ, எந்த இடத்தில் என்ன மாற்றம் வேண்டும் என்ற குறிப்போ தர வேண்டுகிறோம். ஒப்புதல் வரும்வரை சமையலறைப் பலகை அறுக்கும் வேலை தொடங்கப்பட மாட்டாது. பிப்ரவரி 17 முதல் ஒப்புதல் வரும் நாள் வரையிலான தாமதம் முடிப்புத் தேதியுடன் சேர்க்கப்பட வேண்டும். அந்த நாட்களுக்குத் தாமத இழப்பீடு பொருந்தாது.” வரைபடத்தின் எண்ணும் தேதியும், லேமினேட் பலகையின் குறியீட்டு எண்ணும் கீழே தனித்தனி வரிகளாக வர வேண்டும். ஒப்பந்தத்தை முறிக்கும் எண்ணம் உண்மையிலேயே இருந்தால், அந்தக் கெடுவுக்குள் பதில் வருவது ஒப்பந்தத்துக்கு இன்றியமையாதது என்ற வரியையும், வராவிட்டால் ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமை பயன்படுத்தப்படலாம் என்ற வரியையும் சேர்க்கலாம்; எண்ணம் இல்லாமல் மிரட்டலாக மட்டும் எழுதுவது தவறு, ஏனெனில் கெடு கடந்த பின்னும் எதுவும் நடக்கவில்லை என்றால் அடுத்த கடிதத்துக்கு மதிப்பிருக்காது.

ஏப்ரல் 4-இல் ஒப்புதல் வந்தால் 46 நாட்கள் தாமதம். மே 6 என்ற தேதி ஜூன் 21-க்கு நகர வேண்டும் என்பதே ஒப்பந்ததாரரின் கோரிக்கையாகும். அந்த 46 நாட்களும் அப்படியே கிடைத்துவிடும் என்று எண்ணக் கூடாது. ஒப்புதல் தேவைப்படாத படுக்கையறை அலமாரி வேலையை இதே காலத்தில் அவர் நிறுத்தி வைத்திருந்தால், அந்த நிறுத்தம் மௌனத்தின் விளைவு அன்று. சட்டத்தின் பிரிவு 73-க்கான விளக்கம், நட்டத்தைக் குறைக்கக் கையில் இருந்த வழிகளையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. ஆகவே நடத்தக்கூடிய வேலைகளை நடத்திக்கொண்டு, சும்மா நின்ற ஆட்களின் கூலி விவரத்தை நாள்வாரியாகக் குறித்து வைப்பது அவருக்கு நல்லது.

அறிவிப்பை ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்குப் பதிவு வசதியுடன் கூடிய விரைவு அஞ்சலில் அனுப்பி, அதன் நகலை மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம். சரியான முகவரியிட்டு, கட்டணம் செலுத்தி, பதிவு அஞ்சலில் அனுப்பியது சென்று சேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்ற அனுமானத்தைப் பொதுக் கூறுகள் சட்டம், 1897-இன் பிரிவு 27-ஐ ஒட்டி நீதிமன்றங்கள் ஏற்கின்றன; எதிர்த்தரப்பு மாறாக நிறுவினால் அது தகரும். வாட்ஸ்அப் உரையாடலைப் பின்னர் சாட்சியமாக்க வேண்டுமானால், பாரதிய சாக்ஷிய அதிநியமம், 2023-இன் பிரிவு 63 கோரும் சான்றிதழும் இணைக்கப்பட வேண்டியிருக்கும். ஆதலால் கைபேசியை மாற்றும்போது பழைய உரையாடலை அழித்துவிடக் கூடாது.

பலரும் கோட்டைவிடும் இடம் இனிமேல்தான் வருகிறது. கெடுவுக்கு முன்போ பின்போ உரிமையாளர் “சரி, செய்யுங்க” என்று ஒரு வரி அனுப்பினால், நிம்மதியில் வேலையைத் தொடங்கிவிடாமல், எந்த மூன்று பொருளுக்கு அந்த ஒப்புதல் என்பதை எழுதி உறுதிசெய்து, புதிய முடிப்புத் தேதியையும் தாமதத்தால் வந்த செலவைக் கோரும் உரிமை காக்கப்படுவதையும் அதே பதிலில் குறிப்பிட வேண்டும். உயிர்நிலையான காலம் தவறிய பின் வந்த நிறைவேற்றத்தை ஏற்பவர், ஏற்கும் அந்த நேரத்திலேயே இழப்பீடு கோரும் எண்ணத்தை அறிவிக்காவிட்டால், பிறகு அதைக் கேட்க முடியாது என்பது பிரிவு 55 வகுத்த நிபந்தனை.